ஒரு வருடம் நீங்கள், ஒரு வருடம் நாங்கள்

ரமலான் மாதம் வந்தால் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஏதாவதொரு மண்டபத்தில் நல்லிணக்க இஃப்தார் நடக்கும். நோன்புக் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், நாலு பேச்சாளர்கள். அப்படி ஒரு மாலையில் கடைசியாகப் பேச வந்த பிரமுகர், உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு என்று குர்ஆனே சொல்லிவிட்டது என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. பின்வரிசையில் இருந்த ஒரு வயதான ஆலிம், மதரஸாவில் பல வருடம் ஓதிக்கொடுத்தவர், பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: “சொன்னது சரிதானுங்க. ஆனா அது விருந்துல சொன்ன பேச்சு இல்லீங்க. பேரம் படியாதுன்னு சொன்ன பேச்சு.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்த வசனம் குர்ஆனின் 109ஆவது அத்தியாயமான அல் காஃபிரூனின் கடைசி வரி. மொத்தமே ஆறு வசனங்கள். இறங்கிய இடம் மக்கா. அப்போது நபிகள் நாயகத்தின் பின்னால் இருந்தவர்கள் சொற்பம். அவர்களிலும் பலர் அடிமைகள், கைத்தொழில் செய்தவர்கள். ஊரும் சந்தையும் கஅபாவின் நிர்வாகமும் குறைஷித் தலைவர்கள் கையில்.

நபிகளின் வாழ்க்கையைத் தொகுத்த ஆரம்பகால ஆசிரியரான இப்னு இஸ்ஹாக் தரும் செய்தி இது. நபிகள் கஅபாவைச் சுற்றிவந்துகொண்டிருந்தபோது நாலு பெரிய மனிதர்கள் எதிரே வந்தார்கள். வலீத் இப்னு முகீரா, ஆஸ் இப்னு வாயில், அஸ்வத் இப்னு முத்தலிப், உமையா இப்னு கலஃப். நீ வணங்குவதை நாங்களும் வணங்குகிறோம், நாங்கள் வணங்குவதை நீயும் வணங்கு, எது மேலானதோ அதில் இரண்டு தரப்புக்கும் பங்கு இருக்கட்டும் என்றார்கள். தபரீ தொகுத்த இன்னொரு செய்தியில் பேரம் இன்னும் விரிகிறது. மக்காவிலேயே பெரிய செல்வந்தனாக ஆக்குகிறோம், விரும்பிய பெண்ணை மணமுடித்து வைக்கிறோம், எங்கள் தெய்வங்களை ஏசுவதை மட்டும் விட்டுவிடு. அது முடியாதென்றால் ஒரு வருடம் எங்கள் லாத்தையும் உஸ்ஸாவையும் நீ வணங்கு, ஒரு வருடம் உன் இறைவனை நாங்கள் வணங்குகிறோம் என்றார்களாம்.

வந்தவர்களை வெறும் வில்லன்களாகப் பார்த்தால் இந்தக் கதை புரியாது. அவர்கள் வியாபாரிகள். கஅபாவைச் சுற்றி ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தெய்வம் நின்ற ஊர் அது. வரும் யாத்திரிகர் கூட்டம்தான் சந்தைக்கும் உயிர். அங்கே புதிதாக ஒரு தெய்வத்தைச் சேர்த்துக்கொள்வது யாருக்கும் நஷ்டமில்லை, கூட்டம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அவர்கள் கணக்கில் பேரம் பெருந்தன்மையானது. ஒன்றே என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கோ இன்னொன்றைக் கூட்டினாலே அந்த ஒன்று கழிந்துபோகும். இரண்டு பேரும் இரண்டு கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பேசினார்கள்.

பதில் வந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த அத்தியாயத்தில் சொன்னதே திரும்ப வருகிறதே என்று பலர் கேட்பதுண்டு. மூன்றாவது வசனமும் ஐந்தாவது வசனமும் எழுத்து மாறாமல் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதும் நான்காவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் இருப்பது வினைமுற்று: வணங்குவதில்லை. நான்காவதில் அந்த வினையே ஆளுக்குரிய பெயராகிவிடுகிறது: வணங்குகிறவன் அல்லன். தமிழ் இலக்கணத்தில் இதை வினையாலணையும் பெயர் என்போம். “நான் குடிப்பதில்லை” என்பதற்கும் “நான் குடிக்கிற ஆளே இல்லை” என்பதற்கும் உள்ள தூரம்தான். முன்னது இன்றைய வழக்கத்தைச் சொல்கிறது. நாளைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சந்து விடுகிறது. பின்னது அந்தச் சந்தை அடைக்கிறது. வருடக் கணக்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தவர்களுக்கு இந்த வருடம், அடுத்த வருடம் இரண்டுக்குமாகச் சேர்த்துச் சொன்ன பதில் என்றே விரிவுரையாளர்கள் பலர் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் கைதட்டல் வாங்கும் அந்தக் கடைசி வசனம் வருகிறது. அதில் உள்ள ‘தீன்’ என்ற சொல்லைத் தமிழில் பெரும்பாலும் மார்க்கம் என்று வைக்கிறார்கள். அரபியில் அதற்குக் கூலி, கைம்மாறு, தீர்ப்பு என்ற பொருள்களும் உண்டு. தொழுகையில் தினமும் ஓதும் முதல் அத்தியாயத்தில் மறுமை நாளைக் குறிக்க வருவதும் இதே சொல்தான். ஆகவே உங்கள் செயலுக்கான கூலி உங்களுக்கு, என் செயலுக்கானது எனக்கு என்றும் வாசிக்கலாம். அப்படி விளக்கியவர்கள் பழைய உரையாசிரியர்களிலேயே இருக்கிறார்கள்.

கூலி என்றதும் பேரம் பேச வந்த நால்வரில் ஒருவரான ஆஸ் நினைவுக்கு வருகிறார். வாள் அடித்துக் கொடுத்த கப்பாப் என்ற கொல்லர் அவரிடம் பாக்கி கேட்கப் போனார். முஹம்மதை மறுத்தால்தான் தருவேன் என்றார் ஆஸ். நீ செத்து மறுபடி எழுந்தாலும் மறுக்கமாட்டேன் என்றார் கொல்லர். அப்படியா, எழுந்து வந்தபிறகு எனக்கு அங்கேயும் சொத்து பத்து இருக்கும், அப்போது வாங்கிக்கொள் என்று சிரித்து அனுப்பிவிட்டாராம் ஆஸ். புகாரியின் தொகுப்பில் உள்ள செய்தி. சமரசம் பேச வந்தவரின் கல்லாப்பெட்டி எப்படி இருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

அப்படியானால் மேடையில் பேசுபவர்கள் சொல்வது தப்பா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்த வசனம் பிறகு வந்த போர் வசனங்களால் மாற்றப்பட்டுவிட்டது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. இது சட்டமே அல்ல, இருக்கும் நிலையைச் சொல்லும் செய்தி, செய்தியை எப்படி ரத்து செய்வது என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. ஆனாலும், சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரம் தேடுகிறவர்கள் மக்காவில் நிற்காமல் மதீனாவுக்குப் போவது நல்லது. 622இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நபிகள் ஊராரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், அவ்ஃப் குலத்தோடு சேர்ந்த யூதர்களைப் பற்றிய ஷரத்து ஒன்று இருக்கிறது. யூதருக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று ஏறக்குறைய இதே அச்சில் வார்த்தது. மக்காவில் கையில் ஒன்றும் இல்லாதவர் பேரத்தைத் தள்ளச் சொன்ன வாக்கியம், மதீனாவில் கையில் பொறுப்பு வந்தவர் அண்டை வீட்டாருக்கு எழுதிக்கொடுத்த உறுதியாகிறது. இஃப்தார் மேடைக்குப் பொருத்தமானது இந்த இரண்டாவதுதான். ஏனோ அதை யாரும் எடுப்பதில்லை. நீளமான ஷரத்து என்பதால் இருக்கலாம்.

சேலம் கோட்டைப் பகுதியில் மாரியம்மன் கோவிலும் ஜாமிஆ பள்ளிவாசலும் நடந்து போகிற தூரம்தான். ஆடித் திருவிழாக் கூட்டம் ஒரு பக்கம், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அவர் சாமியை இவரும் இவர் தொழுகையை அவரும் ஒரு வருடம் மாற்றிச் செய்து பார்ப்போம் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. பூக்கடைக்காரரிடம் சில்லறை மட்டும் கேட்கிறார்கள்.

அன்று கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஆலிம் இன்னொன்றும் சொன்னார். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் கஅபாவை ஏழு சுற்று சுற்றி முடித்ததும் இரண்டு ரக்அத் தொழுவார்கள். முதல் ரக்அத்தில் அல் காஃபிரூன், இரண்டாவதில் இக்லாஸ் ஓதுவது நபிவழி. “சுத்திக்கிட்டு இருந்தப்பதானுங்க அந்த நாலு பேரும் வழிமறிச்சாங்க” என்றார். பிறகு மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறதென்று செருப்பைத் தேடத் தொடங்கினார்.