மறைத்த பூச்சியமும் வெறும் கூடும்: புள்ளிப் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் அதைப் பார்க்கும் பெற்றோருக்கும்



தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிப் பட்டியல்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் வந்துகொண்டிருக்கும் காலம் இது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கண்டி நகரம் என்று எங்கே பார்த்தாலும் இப்போது வகுப்பாசிரியர்கள் எக்ஸெலில்தான் பட்டியல் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒரு சின்ன வேலை நடக்கிறது. அதைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஷீட் முழுக்க 0, 0, 0 என்று நின்றால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பலரும் பூச்சியங்களை மறைத்துவிடுகிறார்கள். மறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒவ்வொரு கூட்டின் ஃபோர்மெட்டையும் மாற்றுவது, அல்லது எழுத்தை வெள்ளை நிறமாக்குவது. மற்றது, Options ஜன்னலில் ஒரே ஒரு டிக்கை எடுத்துவிடுவது. மறைக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டாவதுதான் சரியான வழி என்பது என் கருத்து. ஆனால் பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலில் அதையும் செய்யக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த டிக் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எக்ஸெலில் File, அதில் Options, இடது பக்கம் Advanced. கீழே இறங்கிப் போனால் Display options for this worksheet என்று ஒரு பகுதி வரும். பக்கத்திலுள்ள பெட்டியில் எந்த ஷீட் என்பதைத் தெரிவு செய்துவிட்டு, Show a zero in cells that have zero value என்பதன் டிக்கை எடுத்து OK கொடுத்தால் அந்த ஷீட்டிலுள்ள எல்லாப் பூச்சியமும் கண்ணுக்கு மறைந்துவிடும். லிப்ரே ஒபிஸ் பாவிப்பவர்கள் Tools, Options, LibreOffice Calc, View என்று போனால் Zero values என்ற டிக் இருக்கும்.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. கூட்டுக்குள் இருக்கும் எதையும் இது தொடுவதில்லை. ஒரே இடத்தில் எடுத்த டிக்கை அதே இடத்தில் போட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஃபோர்மெட் மாற்றி மறைப்பதில் அது இல்லை. இணையத்தில் பார்த்துவிட்டுப் பலர் போடுவது `0;-0;;@` என்ற ஃபோர்மெட். பூச்சியம் மறையும், உண்மைதான். கூடவே 62.5 எடுத்த பிள்ளையின் புள்ளி 63 என்று தெரியும். உள்ளே 62.5தான் இருக்கிறது, கூட்டுத்தொகையும் அதை வைத்தே வருகிறது. ஆகவே தாளில் இருப்பதைக் கூட்டிப் பார்க்கும் தகப்பனுக்குக் கணக்கு பொருந்தாது. அரைப் புள்ளி தெரிய வேண்டுமென்றால் இப்படிப் போட வேண்டும்:

```
General;-General;;@
```

அதைச் சரியாகப் போட்டாலும் பிரச்சினை முடியவில்லை. வேறொரு ஆசிரியரின் ஷீட்டிலிருந்து கொப்பி பண்ணி ஒட்டும்போது அந்தக் கூடுகள் தங்கள் சொந்த ஃபோர்மெட்டோடு வரும். அப்போது ஒரே பாடத்தில் பாதிப் பூச்சியம் தெரியும், பாதி தெரியாது. அடுத்த வருடம் அந்த ஃபைலை வாங்கும் ஆசிரியருக்கு எந்தக் கூட்டில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து பிள்ளைகள் மட்டும் இருக்கும் ஒரு வகுப்பை வைத்துக்கொள்வோம். கணிதத்தில் ஒருவர் 62, ஒருவர் 48, ஒருவர் 70. நான்காவது பிள்ளை பரீட்சைக்கு வந்து எழுதியது, ஆனால் எடுத்தது 0. ஐந்தாவது பிள்ளை டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில், பரீட்சைக்கு வரவில்லை. ஆசிரியர் அதன் கூட்டை வெறுமையாக விட்டிருக்கிறார். எக்ஸெலின் AVERAGE வெறும் கூட்டை எண்ணாது, பூச்சியத்தை எண்ணும். ஆகவே 62, 48, 70, 0 சேர்ந்து 180, அதை 4ஆல் வகுத்தால் சராசரி 45. இது சரியான கணக்கு.

இப்போது Options ஜன்னலில் டிக்கை எடுங்கள். நான்காவது கூடும் ஐந்தாவது கூடும் ஒரே மாதிரி வெறுமையாக இருக்கும். தாளைப் பார்ப்பவருக்குத் தெரிவது மூன்று புள்ளிகள்தான். 180ஐ 3ஆல் வகுத்தால் 60. ஆனால் கீழே சராசரி 45 என்று நிற்கிறது. பெற்றோர் "ஸேர் கணக்கைப் பிழையாகப் போட்டிருக்கிறார்" என்பார்கள். கணக்கு பிழையில்லை, தாள்தான் முழு உண்மையைச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் தொகுப்பு ஷீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன் ஷீட்டில் புள்ளி போடுவார். வகுப்பாசிரியர் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டுக்கு இப்படி இழுப்பார்:

```
=Maths!C6
```

C6 வெறும் கூடாக இருந்தால் இந்த ஃபோர்மியுலா வெறுமையைக் கொண்டுவராது. 0 என்று கொண்டுவரும். எக்ஸெலின் இயல்பு அது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குத் தொகுப்பு ஷீட்டில் 0 வந்துவிட்டது. அதைப் பார்த்து ஆசிரியர், "இது தேவையில்லாத பூச்சியம்" என்று Options ஜன்னலுக்குப் போய் மறைத்துவிடுகிறார். திரையில் கூடு வெறுமையாக, அழகாக இருக்கிறது. உள்ளே 0 அப்படியே நிற்கிறது. இப்போது சராசரி 180ஐ 5ஆல் வகுத்து 36.

ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை. பாட ஆசிரியரின் ஷீட்டில் 45, வகுப்பாசிரியரின் ஷீட்டில் 36, பெற்றோர் விரல் விட்டு எண்ணினால் 60. மூன்று தாளிலும் வெளியே தெரியும் புள்ளிகள் அதே மூன்றுதான்.

வகுப்புச் சராசரி மாறினால் என்ன என்று கேட்கலாம். அதே ஷீட்டில் குறுக்காகப் பாருங்கள். நோயாளிப் பிள்ளை மற்ற எட்டுப் பாடங்களில் மொத்தம் 576 எடுத்திருந்தால் அதன் சராசரி 72. ஒளிந்திருக்கும் அந்த 0ஐயும் சேர்த்து 9ஆல் வகுத்தால் 64. தரவரிசையில் பல இடம் கீழே போய்விடும். தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கும் தாய்க்கு ஏன் என்று தெரியாது, கணிதக் கூடு வெறுமையாகத்தானே இருக்கிறது. ஆசிரியருக்கும் தெரியாது.

திருத்தம் சுலபம். இழுக்கும் ஃபோர்மியுலாவையே மாற்ற வேண்டும்:

```
=IF(Maths!C6="","AB",Maths!C6)
```

வெறும் கூடாக இருந்தால் AB என்று வரும், 0 எடுத்த பிள்ளைக்கு 0 என்றே வரும். AVERAGE, SUM இரண்டும் AB என்ற எழுத்தைத் தாண்டிப் போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மொத்தத்தை `C2+D2+E2` என்று கூட்டியிருந்தால் AB வந்த இடத்தில் #VALUE! என்று வரும். அங்கே SUM பாவியுங்கள். வராத பாடத்தை விட்டுவிட்டு 8ஆல் வகுப்பதா, 9ஆல் வகுப்பதா என்பது பாடசாலை எடுக்க வேண்டிய முடிவு. அதிபரும் பகுதித் தலைவரும் இருந்து பேசி எடுக்கட்டும். யாரும் பேசாமலே எக்ஸெல் அதை முடிவு செய்ய விடக் கூடாது.

கையில் ஒரு ஃபைல் வந்தால் அதில் பூச்சியம் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பட்டியலுக்கு வெளியே ஏதாவதொரு வெறும் கூட்டில் 0 அடித்துப் பாருங்கள். அது மறைந்தால் Options ஜன்னலில் டிக் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அமைப்பு ஃபைலோடு சேர்ந்தே வரும், ஷீட்டுக்கு ஷீட் வேறுபடும், ஆகவே ஒவ்வொரு ஷீட்டிலும் பார்க்க வேண்டும். வெளியே அடித்த 0 தெரிகிறது, பட்டியலுக்குள் மட்டும் தெரியவில்லை என்றால் அது ஃபோர்மெட்டின் வேலை, அல்லது வெள்ளை எழுத்து. ஒரு பாடத்தில் எத்தனை பூச்சியம் ஒளிந்திருக்கிறது என்று எண்ண `=COUNTIF(C2:C41,0)` போதும். வெறும் கூடுகளை அது எண்ணாது.

சில ஆசிரியர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. "0 என்று எல்லோர் முன்னாலும் போட்டால் பிள்ளையின் மனம் உடையும்." அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து, நாற்பது பிள்ளைகளின் பெயரோடு பட்டியலைக் குழுவில் போடாமல் இருப்பது. அவரவர் புள்ளியை அவரவர் பெற்றோருக்குக் கொடுங்கள். பூச்சியத்தை மறைத்தால் 0 எடுத்த பிள்ளையின் தாய், ஆசிரியர் புள்ளி போட மறந்துவிட்டார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார். உதவி தேவைப்படும் பிள்ளை அதுதான், அதன் செய்திதான் போய்ச் சேரவில்லை.

அப்படியென்றால் அந்த டிக் எதற்கு? அதற்கும் நல்ல இடம் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வருடச் செலவுத் தொகுப்பை எடுங்கள். பன்னிரண்டு மாதம், இருபது செலவுத் தலைப்பு, எல்லாம் ஃபோர்மியுலா. ஜூன் மாதத்தில் பார்த்தால் பாதி ஷீட் 0. அங்கே 0 என்றாலும் வெறுமை என்றாலும் ஒரே அர்த்தம்தான், செலவில்லை. அங்கே தாராளமாக மறையுங்கள், Options வழியாகவே மறையுங்கள், மேலே ஒரு வரியில் "பூச்சியங்கள் மறைக்கப்பட்டுள்ளன" என்று எழுதிவிடுங்கள்.

ஆனால் மஹல்லாவின் மாதச் சந்தாப் பட்டியலில் வேண்டாம். கஷ்டப்பட்ட வீடென்று நிர்வாகம் சந்தா விலக்கிய குடும்பத்துக்கு 0 போட்டிருப்பார்கள். கட்டாதவருக்குக் கூடு வெறுமையாக இருக்கும். பூச்சியத்தை மறைத்து அச்செடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டினால், விலக்குப் பெற்ற விதவைத் தாயும் நிலுவைக்காரராகத் தெரிவார். அங்கே 0க்குப் பதிலாக "விலக்கு" என்றே எழுதுவது இன்னும் நல்லது.

நான் பாவிக்கும் அளவுகோல் இதுதான். அந்த ஷீட்டில் 0 என்பதும் வெறும் கூடு என்பதும் ஒரே அர்த்தமென்றால் டிக்கை எடுக்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு அர்த்தமென்றால் தொடாதீர்கள். இந்தத் தவணைப் பட்டியலை அனுப்ப முன் உங்கள் தொகுப்பு ஷீட்டைத் திறந்து, வராத பிள்ளை ஒன்றின் கூட்டில் கிளிக் பண்ணி மேலே ஃபோர்மியுலா வரியைப் பாருங்கள். அங்கே `=Maths!C6` என்று மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு 0 சேர்ந்திருக்கிறது. திருத்திவிட்டு அனுப்புங்கள்.