பாராடாங் அறிவிப்புப் பலகையும் p-மதிப்பும்: சங்கத்தின் நிலைப்பாடு

சேற்று எரிமலைக்குச் செல்லும் பாதையில் வைக்க உத்தேசித்துள்ள பலகையின் வாசகம் உறுப்பினர்கள் அறிந்ததே: "சேறு பொங்கினால் ஒரு மாதத்துக்குள் நிலநடுக்கம், p < 0.05, எனவே 95 சதவீதம் உறுதி." இதை இந்த வடிவில் சங்கம் ஏற்க இயலாது. எந்தத் தரவு என்று இருமுறை கேட்டோம், பதில் வரவில்லை.

p-மதிப்பு சொல்வது இதுதான்: பொங்குதலுக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், கையிலிருக்கும் அளவு பொருத்தமோ அதைவிடக் கூடுதலோ தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு? தொடர்பு இல்லை என்பது இங்கே அனுமானம். அந்த அனுமானம் பொய்யாக இருப்பதற்கான வாய்ப்பை இந்த எண் தராது. 0.05-ஐ 95 சதவீத உறுதியாகத் திருப்பிப் படிப்பது பிழை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இலேயே இதை எச்சரித்துவிட்டது.

ஒரு கற்பனைக் கணக்கு. எட்டு முறை சேறு பொங்கியது. ஐந்து முறை முப்பது நாளுக்குள் நிலம் அதிர்ந்தது. எந்த முப்பது நாளை எடுத்தாலும் அதிர்வு வர 25 சதவீத வாய்ப்பு என்று கொண்டால், p 0.027. பலகை எழுதுபவருக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த 25 எங்கிருந்து வந்தது? 2004 டிசம்பர் 26 பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு பல மாதங்கள் பின்னதிர்வுகளோடுதான் இந்தத் தீவுகளில் வாழ்ந்தோம். 2005-இல் இங்கே சேறு பொங்கியதையும் அந்தப் பெரும் நிலநடுக்கத்தோடுதான் தொடர்புபடுத்துகிறார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எந்த மாதத்தைத் தொட்டாலும் அதிர்வு இருக்க வாய்ப்பு கூடுதல். 25-ஐ 50 ஆக்குங்கள்: அதே எட்டுக்கு ஐந்து, p இப்போது 0.36. தரவில் ஒரு எண்கூட மாறவில்லை! கூடவே, அதிர்வால் சேறு பொங்கியதா, சேறு பொங்கியதால் அதிர்வு வருமா என்ற திசையையும் p சொல்லாது. பலகை அதைத் தலைகீழாக எழுதியிருக்கிறது.

ஏழு நாள், முப்பது நாள், தொண்ணூறு நாள் என்று மாற்றி மாற்றிப் பார்த்து, பொருந்தியதை மட்டும் காட்டினாலும் p சிறுக்கும். எத்தனை கணக்குகள் போடப்பட்டன என்பதைச் சொல்லாத p-யை ஏற்க வேண்டாம் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து.

p 0.05-ஐத் தாண்டினால் தொடர்பே இல்லை என்றும் ஆகாது. விளைவு பெரிதா சிறிதா என்பதையும் அது காட்டாது.

பலகையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எச்சரிக்கை தேவை என்ற உறுப்பினர்களின் கவலையையும் பதிவுசெய்கிறோம். ஆனால் நிலம்பூர் ஜெட்டியில் இறங்கும் குடும்பம், வேலிக்குள் சாம்பல் நிறச் சேறு குமிழியிடுவதைக் கண்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டுமா? சேறு அமைதியாக இருந்தால் நிலநடுக்கம் வராது என்று கரையோரத்தில் நிம்மதியாக உட்கார வேண்டுமா? இரண்டாவது கேள்விதான் எங்களைக் கொதிக்க வைக்கிறது.

தரவும், ஒப்பீட்டுக்கு எடுத்த காலமும், செய்த கணக்குகளின் எண்ணிக்கையும் வெளிவரும்வரை அந்த வரியைப் பலகையிலிருந்து நீக்கக் கோருகிறோம்.