மேஜரில் ஓர் ஒப்பாரி

கிளுக்கின் ‘ஓர்ஃபியோவும் யூரிடிசேயும்’ என்னும் இசைநாடகம் 1762இல் வியன்னாவில் அரங்கேறியது. மனைவியை இரண்டாம் முறையும் சாவுக்குப் பறிகொடுத்த ஓர்ஃபியோ அதில் புலம்பிப் பாடுகிறான். ஐரோப்பிய இசையின் புகழ்பெற்ற ஒப்பாரிகளுள் ஒன்றான அந்தப் பாடல் அமைந்திருப்பது சி மேஜரில். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் துயரம் என்று பாடம் கேட்டவர்களுக்கு இது பெரும் சங்கடம். அவளை இழந்தேன் என்ற இடத்தில் கண்டடைந்தேன் என்று மாற்றிப் பாடினாலும் மெட்டு பொருந்தும் என்ற வாதத்தை ஹான்ஸ்லிக் 1854இல் தம் நூலில் எடுத்தாண்டார்.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு அரைச்சுரம்தான்: மேஜரில் அந்தர காந்தாரம், மைனரில் சாதாரண காந்தாரம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இயற்பியல் சார்ந்தது. அதிரும் தந்தியின் 4, 5, 6ஆம் மேற்சுரங்கள் மேஜர் முச்சுரத்தைத் தருகின்றன. மைனருக்கோ 10:12:15 என்ற சிக்கலான விகிதம் வேண்டும். ஆகவே மேஜரே இயல்பு என்பர். ஆனால் 5:6 என்ற மைனர் இடைவெளி அதே வரிசையில், ஒவ்வொரு மேஜர் முச்சுரத்துக்குள்ளும் இருக்கிறது. மேலும் சிக்கலான விகிதம் சற்றே கரடுமுரடாக ஒலிக்கலாம். கரடுமுரடு எப்படிச் சோகமாகும்?

பேச்சிலிருந்து வரும் விளக்கம் இதைவிட வலுவானது. துயருற்றவரின் குரல் தாழ்ந்து, மெதுவாகி, சிறு ஏற்ற இறக்கங்களுக்குள் அடங்குகிறது. 2012இல் பௌலிங்கும் அவருடைய சகாக்களும் அமெரிக்க ஆங்கிலப் பேச்சையும் தமிழ்ப் பேச்சையும், மேற்கத்திய இசையையும் கர்நாடக இசையையும் ஒப்பிட்டனர். இரு பண்பாடுகளிலும், பேச்சிலும் இசையிலும், மகிழ்ச்சிக்குப் பெரிய இடைவெளிகளும் துயரத்துக்குச் சிறியவையும் மிகுந்திருந்தன.

ஆனால் இது இடைவெளிகளின் பொதுப்போக்கு. ஒரு தனிச் சுரத்தின் பொருள் அன்று. இங்குதான் பலர் வழுக்குகிறார்கள். சஹானாவில் இருப்பது அந்தர காந்தாரம். அந்த ராகம் கருணையை உருக்கமாகச் சொல்கிறது. பெயரிலேயே ஆனந்தத்தை வைத்திருக்கும் ஆனந்தபைரவியில் சாதாரண காந்தாரம். கமகமும் பிடிகளும் காலப்பிரமாணமும் சேர்ந்தே ராகத்தின் உணர்வை உருவாக்குகின்றன.

கேட்டுப் பழகிய பழக்கத்தின் பங்கும் சிறிதன்று. பப்புவா நியூ கினியின் உருவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, சிட்னிவாசிகளையும் அம்மக்களையும் ஒப்பிட்டது. மேஜரே மகிழ்ச்சி என்ற சாய்வு சிட்னியில் தெளிவாக வெளிப்பட்டது. மேற்கத்திய இசையோடு மிகக் குறைந்த பழக்கமுள்ள பள்ளத்தாக்குவாசிகளிடம் அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அவர்களின் காதில் கோளாறு என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

கிளுக்கும் இதை அறிந்தே இருந்தார். பாடும் முறையைச் சற்றே மாற்றினால் போதும், தம் ஒப்பாரி பொம்மலாட்டக் கூத்தாகிவிடும் என்று 1770இல் வேறொரு நாடகத்தின் முன்னுரையில் அவரே எழுதினார்.