பத்திரம் கைக்கு வந்த திகதியை எழுதி வையுங்கள்

தோழர்களே,

சம்பள நாளன்று முன்னேஸ்வரத்துத் தென்னந்தோட்டங்களுக்குக் காப்புறுதி முகவர்கள் வருகிறார்கள். ஆயுள் காப்புறுதி எடுப்பது தவறல்ல. ஆனால் அதை வேண்டாமென்று திருப்பிக்கொடுக்க 21 நாள் அவகாசம் உண்டு என்பதை அவர்கள் வாயால் கேட்டவர் நம்மில் குறைவு. கடையில் வாங்கிய ரீவிக்கு இந்த அவகாசம் கிடையாது.

நாட்களை எண்ணுவது கையெழுத்திட்ட அன்றிலிருந்து அல்ல, பத்திரம் கைக்கு வந்த அன்றிலிருந்து. அதனால் திகதி எழுதாத பற்றுச்சீட்டில் ஒப்பமிடாதீர்கள்.

எங்கள் லயத்து அக்கா ஒருவர் மாதம் 3,000 ரூபா கட்டச் சம்மதித்து, இரண்டு மாதம் கட்டினார். ஐந்து வருடத் திட்டம் என்றார் முகவர். மார்ச் 3இல் வந்த பத்திரத்தை மகள் வாசித்தபோது 15 வருடம் என்றிருந்தது. முகவரைக் கேட்டால், "அடுத்த கிழமை பார்ப்போம்." நாட்கள் இப்படித்தான் கழிகின்றன. முகவருக்குத் தரகுப்பணம் போய்விடுமே!

16ஆம் திகதி, காப்புறுதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பத்திரம் கிடைத்த திகதி, வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றோடு "இரத்துச் செய்கிறேன்" என்று எழுதினோம். மூலப் பத்திரத்தையும் இணைத்து, கம்பனித் தலைமை அலுவலகத்துக்கே பதிவுத்தபாலில் அனுப்பினோம். பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் எங்களிடம் இருந்தன. மருத்துவப் பரிசோதனைச் செலவு 1,500 ரூபா கழிந்து 4,500 வந்தது.

21 நாள் தாண்டி, முதல் வருடத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு சதமும் திரும்பாது. காலத்துக்குள் அனுப்பியும் கம்பனி மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தோடு கொழும்பிலுள்ள காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கு முறையிடலாம். பத்திரத்தைத் தமிழில் தரும்படி கேட்பதைச் சங்கம் இனித் தன் கோரிக்கையாகவே வைக்க வேண்டும்.