மீட்டரைத் திட்டாதீர்கள், அது எதை அளக்கிறது என்று கேளுங்கள்



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து, இப்போது ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்திருக்கும் பையன் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பினான். "சார், டிம்மரில் குண்டு பல்பை மாட்டி, திருகைப் பாதியில் வைத்தேன். என்னுடைய மலிவு மல்டிமீட்டர் 115 வோல்ட் காட்டுது. அதே இடத்தில் ஒர்க்‌ஷாப்பின் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் 163 காட்டுது. ஏன் சார்?"

கேட்ட இடத்திலெல்லாம் அவனுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "உன் மீட்டர் டுபாக்கூர், தூக்கிப் போடு." இதைத்தான் நான் எதிர்க்கிறேன். டுபாக்கூர் என்றால், சுவர் பிளக்கில் வைத்தபோது இரண்டு மீட்டரும் ஒன்றுபோல 230 காட்டியது எப்படி? டிம்மருக்குப் போனவுடன் மட்டும் கெட்டுப்போகுமா?

மலிவு மீட்டர் ஆர்.எம்.எஸ். மதிப்பை அளப்பதே இல்லை. வரும் அலையை டயோடு வழியாக ஒரே திசைக்குத் திருப்பி, அதன் சராசரியை எடுக்கிறது. பிறகு அந்தச் சராசரியை 1.11 ஆல் பெருக்கியதுபோல எண்ணைக் காட்டுகிறது. ஏன் 1.11? சைன் அலையில் ஆர்.எம்.எஸ். என்பது உச்சத்தில் 0.707 பங்கு, சராசரி 0.637 பங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.11. அலை சைனாக இருக்கும்வரை இந்தக் கணக்கு தப்பாது.

டிம்மர் அந்த அலையைத்தான் வெட்டுகிறது. நம் மின்சாரத்தில் ஒவ்வொரு அரைச் சுற்றும் 10 மில்லி விநாடி. திருகு பாதியில் இருந்தால், உள்ளே இருக்கும் ட்ரையாக் முதல் 5 மில்லி விநாடி அடைத்துவிட்டு, அடுத்த 5 மில்லி விநாடி திறந்துவிடுகிறது. அலை பாதியாகிறது, சராசரியும் பாதியாகிறது. 230இல் பாதி 115. மலிவு மீட்டர் தன் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது.

ஆனால் ஆர்.எம்.எஸ். என்பது வெப்பத்தின் கணக்கு. 1000 வாட் ஹீட்டரை, அதைத் தாங்கும் டிம்மரில் மாட்டினால், பாதி நேரம் அடைப்பு என்பதால் பாதி வெப்பம், 500 வாட். வெப்பம் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பாதி வெப்பம் தரும் வோல்டேஜ் 230 ÷ √2, அதாவது 163. மலிவு மீட்டரின் 115ஐ நம்பினால் கால் பங்கு வெப்பம், 250 வாட் என்று வரும். யார் சொல்வது சரி என்பதற்கு வீட்டு மின்மீட்டரே சாட்சி. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய அரை யூனிட் ஓடியிருக்கும், கால் யூனிட் அல்ல.

இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் இஸ்திரிப் பெட்டியை டிம்மரில் மாட்டி, மீட்டர் 115 காட்டும்வரை திருகினால் போதும் என்று நம் உறவிலேயே யோசனை சொல்பவர்கள் உண்டு. மீட்டர் 115 காட்டும்போது பெட்டிக்குப் போவது 163. அந்த 115க்கு உரிய வெப்பத்தைப் போல இரண்டு மடங்கு. உச்ச வோல்டேஜோ குறையவே இல்லை, அதே 325. கம்பி கருகும், தீப்பிடிக்கவும் கூடும். 120 வோல்ட் பொருளுக்கு அதன் வாட்டைத் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும்.

எப்போதும் குறைத்தே காட்டும் என்றும் எண்ணவேண்டாம். சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் உண்மையான 230ஐ அதே மீட்டர் 255 என்று கூட்டிக் காட்டும். விலை உயர்ந்த மீட்டருக்கும் எல்லை உண்டு. டிம்மரை மிகக் குறைத்து, அலை மெல்லிய கூர்முனையாகிவிட்டால் அதுவும் தடுமாறலாம். பல்பு மாட்டாமல் டிம்மரை அளந்தால் கசியும் மின்சாரத்தால் இரண்டு மீட்டருமே பொருளற்ற எண்ணைக் காட்டும்.

என் கோபம் மீட்டர் மீது இல்லை. "உச்சத்தை 0.707 ஆல் பெருக்கு, ஆர்.எம்.எஸ். வந்துவிடும்" என்று நிபந்தனை சொல்லாமல் மனப்பாடம் செய்யவைக்கும் கைடுகள் மீது. அது ஆர்.எம்.எஸ்.ஸின் வரையறை அல்ல. சைன் அலைக்கு மட்டும் கிடைக்கும் விடை. வரையறை என்றால், ஒரு ரெசிஸ்டரில் அதே வெப்பத்தைத் தரும் டி.சி. வோல்டேஜ் எவ்வளவோ அதுதான். இதைப் படித்த பிள்ளை டிம்மர் முன்னால் திகைக்கமாட்டான். சூத்திரத்தை மட்டும் படித்தவன் மீட்டரைத் தூக்கிப் போடுவான்.

தம்பி, உன் மீட்டரைப் போடாதே. சுவர் பிளக்குக்கும் பேட்டரிக்கும் அது போதும். டிம்மர், இன்வெர்ட்டர் என்று வந்தால் மட்டும் ஒர்க்‌ஷாப் மீட்டரைக் கேட்டு வாங்கு.