வரவைச் சமப்படுத்திய பின்னும் எஞ்சும் புள்ளிகள்

இங்கிலாந்தில் இலவசப் பாடசாலை உணவு பெறும் மாணவர்கள் ஜி.சி.எஸ்.ஈ. தேர்வில் ஏனையோரிலும் சராசரியாகக் குறைந்த பெறுபேற்றையே அடைந்து வருகின்றனர். அவர்களது வரவும் குறைவு. ஆகவே, "பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை" என்ற விடை பெற்றோருக்கு எளிதாகக் கூறப்பட்டுவிடுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கணக்கிட்டே அறியலாம்.

கற்பனையாக ஒரு பாடசாலையைக் கொள்வோமாயின், அங்கு இலவச உணவு பெறுவோரின் கணிதச் சராசரி 55, ஏனையோரது 62. வேறுபாடு 7 புள்ளிகள். இரு பிரிவினரையும் வரவின்படி பிரித்து நோக்குக. 95 வீதமும் அதற்கு மேலும் வருவோரிடையே சராசரி முறையே 60, 64. குறைவாக வருவோரிடையே 50, 54. முதற்பிரிவில் பாதிப்பேரே ஒழுங்காக வருபவர்கள். மற்றையதில் ஐவரில் நால்வர். எனவே ஒத்த வரவுடையோரை ஒப்பிட்டாலும் 4 புள்ளிகள் எஞ்சுகின்றன. வரவு விளக்குவது 3 புள்ளிகளை மட்டுமே.

எனினும், 94 வீதம் வந்தவரையும் 60 வீதம் வந்தவரையும் ஒரே கூட்டில் அடைத்தால், எஞ்சிய நான்கிலும் ஒரு பங்கு வரவினுடையதாகவே இருத்தல் கூடும். பிரிவுகளை நுணுக்கினால் இது தெளியும். ஆனால் பிரிவொன்றில் ஐந்தாறு பேரே மிஞ்சினால் சராசரியை நம்பவியலாது.

அந்த 3 புள்ளிகளும் பிள்ளையின் குற்றமென்று ஆகிவிடா. தண்டனையாகத் தற்காலிகமாக வெளியேற்றப்பட்ட மாணவருக்கு மாற்றுக் கல்வி வழங்கப்படாத நாட்களும் அங்கு வரவின்மையாகவே பதியப்படுகின்றன. வராத நாட்களுள் பாடசாலையே வரவேண்டாமென்ற நாட்கள் எத்தனை என்பதையும் பெற்றோர் கேட்டறிதல் வேண்டும்.