சிநேகிதரின் பந்தய நோட்டு

சென்ற வாரம் நம் சிநேகிதர் ஒருவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து சேர்ந்தார். குதிரைப் பந்தயத்துக்குக் குறிப்புச் சொல்லும் ஒரு நிபுணரின் சொற்படி, அறுபது பந்தயங்களில் தலா 100 ரூபாய் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை அதில் அழகாக எழுதி வைத்திருந்தார். போட்ட பணம் 6,000 ரூபாய். திரும்பி வந்தது 9,600. லாபம் 3,600, அதாவது நூற்றுக்கு அறுபது. "எந்தப் பாங்கி ஐயா இந்த வட்டி கொடுக்கும்?" என்று கேட்டார். வீட்டு அம்மாளின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைக்க உத்தேசம் என்பது இரண்டாவது டம்ளர் காப்பிக்குப் பிறகுதான் வெளிவந்தது. நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களாதலால், நம் வாயால் 'பேஷ்' என்று ஒரு வார்த்தை வாங்கிப் போக வந்திருந்தார்.

குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974-ல் சட்டம் இயற்றினார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றமோ, அது திறமையைப் பொறுத்த விளையாட்டே என்று தீர்ப்பளித்தது. விளையாட்டில் திறமை இருக்கட்டும். இந்த நோட்டில் திறமை இருக்கிறதா என்பதே நம் முன் நின்ற கேள்வி.

நோட்டைப் புரட்டினோம். நாற்பது குதிரைகள் 'ஒன்றுக்கு மூன்று' விகிதத்தில் இருந்தன. ஜெயித்தால் வைத்த ஒரு ரூபாயுடன் மூன்று ரூபாய் சேர்ந்து நான்காகத் திரும்பும். மற்ற இருபதும் 'ஒன்றுக்குப் பத்தொன்பது'; அவற்றில் ஒரு ரூபாய் இருபதாகத் திரும்பும். பந்தயக்காரர் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கைச் சற்று மறந்துவிட்டால், முதல் வகைக் குதிரை நாலு தடவைக்கு ஒரு தடவையும், இரண்டாம் வகை இருபது தடவைக்கு ஒரு தடவையும் ஜெயிக்கும் என்பதே இந்த விகிதங்களின் பொருள். ஆகவே ஒரு திறமையும் இல்லாதவன் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினாலும் முதல் வகையில் பத்து, இரண்டாம் வகையில் ஒன்று, ஆகப் பதினொரு வெற்றிகள் எதிர்பார்க்கலாம். நிபுணர் பெற்றவை முறையே ஒன்பதும் மூன்றும், ஆகப் பன்னிரண்டு. எதிர்பார்த்ததற்கு ஒன்றே ஒன்று அதிகம்! அது எப்படி நூற்றுக்கு அறுபது லாபமாகப் பருத்தது?

எல்லாக் குதிரைக்கும் ஒரே தொகை வைத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. வைக்கும் பணம் சமமாக இருந்தாலும், வரும் பணம் சமமாக இல்லை. ஒரு பெரிய விகிதக் குதிரை ஜெயித்தால் 2,000 ரூபாய்; சிறிய விகிதக் குதிரை ஜெயித்தால் 400. நோட்டிலுள்ள பெரிய வெற்றிகளில் ஒன்று தவறியிருந்தால் லாபம் 1,600 ஆகச் சுருங்கும். இரண்டு தவறியிருந்தால் 400 ரூபாய் நஷ்டம். அறுபது பந்தயங்களின் கணக்கு என்று பெயர். உண்மையில் அது இரண்டு குதிரைகளின் கணக்கு.

இதை அளந்து காட்டவும் வழியுண்டு. நான்கு தனித்தனிப் பந்தயங்களில், ஒரு ரூபாய் முறையே இரண்டு, நான்கு, ஐந்து, இருபது ரூபாயாகத் திரும்பும் நான்கு குதிரைகளை எடுத்துக்கொள்வோம். தலா 100 வீதம் 400 ரூபாய் வைக்கிறோம். பலன் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதை மாணவர்கள் திட்ட விலக்கம் என்று படிக்கிறார்கள். அதன் வர்க்கமே விலக்க வர்க்கச் சராசரி. ஒரே தொகை வைக்கும்போது இந்த வர்க்கம், லாப விகிதத்துக்கு நேர் விகிதத்தில் வளருகிறது: 1, 3, 4, 19. மொத்தம் 27 பங்கில் 19 பங்கு ஒரே குதிரையினுடையது. அதாவது ஆட்டத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு கடைசிக் குதிரையால் மட்டும் வருகிறது. நான்கும் சேர்ந்த திட்ட விலக்கம் சுமார் 520 ரூபாய். வைத்த பணத்தைவிட அதிகம்.

இனி மற்ற முறை. எந்தக் குதிரை ஜெயித்தாலும் 400 ரூபாயே திரும்பும்படி பணத்தை வைப்போம். அப்போது முறையே 200, 100, 80, 20 ரூபாய் வைக்க வேண்டும். கூட்டினால் அதே 400 ரூபாய்தான். ஆனால் திட்ட விலக்கம் சுமார் 321 ரூபாயாக இறங்கிவிடுகிறது. கடைசிக் குதிரையின் பங்கு நூற்றுக்கு ஏழரைக்குள் அடங்கிப் போகிறது. இம்முறையில் ஆட்டம் மிகுதியாயிருப்பது சரிபாதி வாய்ப்புள்ள குதிரையில்தான். விகிதம் அதற்கு மேல் ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும்.

'திரும்பும் தொகை' என்பதற்குப் பதிலாக 'லாபத் தொகை' ஒன்றாக இருக்க வேண்டுமென்று சிலர் வைப்பார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. ஐந்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் லாபம் தரும் நிச்சயக் குதிரையில் 100 ரூபாய் லாபம் வேண்டுமானால் 500 ரூபாய் வைத்தாக வேண்டும். அது ஒரு தடவை இடறினால் ஐந்து வெற்றிகள் போயின. அங்கே ஆட்டமெல்லாம் சின்ன விகிதத்தின் பக்கம் போய்ச் சேருகிறது.

நோட்டுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு வெற்றிக்கும் 400 ரூபாய் திரும்பும்படி, முதல் வகைக்கு 100, இரண்டாம் வகைக்கு 20 என்று சிநேகிதரையே கணக்கிடச் சொன்னோம். போட்டது 4,400; வந்தது பன்னிரண்டு நானூறு, 4,800. லாபம் 400 ரூபாய், நூற்றுக்கு ஒன்பது. இந்த 400-ஐக் கவனியுங்கள்: எதிர்பார்த்ததற்கு அதிகமாக வந்த அந்த ஒரே வெற்றியின் விலை அது. இம்முறையில் லாபமென்பது அதிகப்படி வெற்றிகளின் எண்ணிக்கையைத் தவிர வேறில்லை. இந்த அறுபது பந்தயங்களுக்குத் திட்ட விலக்கமோ சுமார் 1,160 ரூபாய். அதற்கு முன் 400 என்பது காற்றில் அசைந்த இலை.

"அப்படியானால் உங்கள் முறைப்படி வைத்தால் லாபம் வருமா?" என்று சிநேகிதர் விடவில்லை. வராது. நூறு ரூபாய்க்குச் சராசரியாக 85 ரூபாய்தான் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், 400 ரூபாயில் இரண்டு முறையிலும் 60 ரூபாய் போகும். ஒன்றில் குதித்துக் குதித்துப் போகும், மற்றதில் நிதானமாகப் போகும். மேலும் பெரிய விகிதக் குதிரைகளில் ஜனங்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்பதை அமெரிக்கப் பந்தயக் கணக்குகளிலிருந்து கிரிஃபித் என்பவர் 1949-லேயே எடுத்துக் காட்டினார். ஒரே தொகை வைப்பவர், அந்த நஷ்டம் மிகுந்த பக்கத்துக்கே தம் பணத்தில் அதிகப் பங்கை அனுப்புகிறார்.

நிபுணருக்கு மெய்யாகவே நூற்றுக்கு ஐந்து திறமை இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். நம் நான்கு குதிரை உதாரணத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால், அந்தத் திறமையின் பலன் திட்ட விலக்கத்துக்கு இரு மடங்காக வெளிப்பட, ஒரே தொகை திரும்பும் முறையில் சுமார் 4,100 பந்தயங்கள் வேண்டும். ஒரே தொகை வைக்கும் முறையில் சுமார் 10,800 வேண்டும். அறுபதில் எதைக் காண்பது?

சிநேகிதர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை வாங்கி, நோட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'எதிர்பார்த்த வெற்றி' என்று தலைப்பு எழுதினார். சங்கிலி இன்னும் பீரோவில்தான் இருக்கிறதென்று அவர் வீட்டு அம்மாள் நேற்றுக் கோயிலில் சொன்னார்கள்.